பூஜை அறைக் கதவு மூடியே இருக்கட்டும்

கும்பகோணம்,
9-7-2025

அன்புள்ள மங்கை,

உன் கடிதம் கிடைத்தது. "சாமி இருந்தா கதிரை எடுத்திருக்காது. இருந்தும் எடுத்திருந்தா அந்தச் சாமி எனக்கு வேண்டாம்" என்று எழுதியிருந்தாய். அதை மறுத்துப் பேச இதை எழுதவில்லை. பத்தொன்பது வயதுப் பிள்ளையைப் பறிகொடுத்தவள் கேட்கும் கேள்விக்கு யாரிடமும் பதில் இல்லை. "போன ஜென்மத்துக் கணக்கு", "நல்ல பிள்ளை, அதான் சாமி சீக்கிரம் கூப்பிட்டுக்கிச்சு" என்று பதில் வைத்திருக்கிறவர்களிடம், "அதை இப்போ பேச வேண்டாம் அத்தை" என்று சொல்லிவிட்டு எழுந்து அடுப்படிக்குப் போ. அது மரியாதைக் குறைவு ஆகாது.

உன் கோபத்தைவிட, நடுவில் நீ எழுதியிருந்த இரண்டு வரிதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. செவ்வாய்க்கிழமை விரதத்தை விட்டதாலோ, வைத்தீஸ்வரன் கோயிலில் வேண்டிக்கொண்ட மொட்டை பாக்கி நிற்பதாலோ என்று. மங்கை, ரத்தப் புற்றுநோய் எலும்பு மஜ்ஜைக்குள் ஆரம்பிப்பது. கதிருக்கு வந்த வகை சில வாரங்களிலேயே முற்றக்கூடியது. முதலில் காய்ச்சல், சோர்வு, உடம்பில் நீலத் திட்டு என்று சாதாரணமாகத்தான் தெரியும். எந்த அம்மாவும் அதைப் பார்த்தவுடன் கண்டுபிடித்துவிட முடியாது. விரதம் விட்டு அந்த நோய் வராது, விரதம் இருந்திருந்தாலும் நின்றிருக்காது. மொட்டையும் பிழைத்து வந்தால் போடுகிறேன் என்று நேர்ந்துகொண்டதுதானே? அவன் வரவில்லை, நீ யாருக்கும் எதுவும் பாக்கி இல்லை. கோபம் கடவுள்மேல் இருக்கிறவரை இருக்கட்டும், அதை உன் பக்கம் திருப்பிவிடாதே.

கோபித்துக்கொண்டால் பாவம் என்று உன் மாமியார் சொல்கிறாராம். திருவாரூரில் சுந்தரர் என்ன செய்தார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. இரண்டு கண்ணும் போய், ஒன்று மட்டும் திரும்பியிருந்த நிலையில் சன்னதியில் நின்று, உமக்கே அடிமையாக இருக்கிறவர்கள் துன்பப்பட்டால், நீர் மட்டும் "வாழ்ந்து போதீரே" என்று பாட்டுக்குப் பாட்டு கேட்டார். நல்லா இரும் என்று மனம் நொந்து சொல்கிற வசை அது. அந்தப் பதிகத்தை யாரும் வெட்டி எறியவில்லை, ஏழாம் திருமுறையில் சேர்த்து வைத்திருக்கிறார்கள். ஆனால் சுந்தரருக்கு மற்றக் கண்ணும் திரும்பக் கிடைத்தது. கதிர் திரும்ப மாட்டான். அந்த வித்தியாசத்தை உன்னிடம் மறைக்க முடியாது.

அதனால் உனக்கு இன்னும் நெருக்கமானவர் பக்குடுக்கை நன்கணியார் என்று நினைக்கிறேன். ஒரு வீட்டில் சாவுப் பறை, இன்னொரு வீட்டில் மண முழவு, இப்படி உலகத்தைப் படைத்தவன் "பண்பிலாளன்" என்று புறநானூறு 194-இல் நேராகவே ஏசிவிட்டார். உலகம் கொடியது, ஆனாலும் இனியதைக் காணுங்கள் என்று அதற்குப் பிறகுதான் சொல்கிறார். ஏசலை விட்டுவிட்டுக் கடைசி வரியை மட்டும் உன்னிடம் யாராவது சொன்னால் காதில் வாங்காதே.

பூஜை அறைக் கதவைத் திறப்பதா வேண்டாமா என்று இந்த வருஷம் எதையும் முடிவுகட்ட வேண்டாம். தலைத்திவசம் வரை பண்டிகை கொண்டாடாத வீட்டில் யாரும் உன்னைக் கோயிலுக்கு இழுக்கப் போவதில்லை, அந்த இடைவெளியைப் பயன்படுத்திக்கொள். மாசியத்தை அண்ணன் பார்த்துக்கொள்ளட்டும். நீ பக்கத்தில் உட்கார வேண்டும் என்று கட்டாயமில்லை. சாமி படங்களை மட்டும் யாருக்கும் தூக்கிக் கொடுத்துவிடாதே, ஆத்திரத்தில் கொடுத்ததைத் திரும்பக் கேட்பது கஷ்டம். விளக்கு அணைந்து கிடப்பது உறுத்தினால் எதிர்வீட்டு அக்காவை ஏற்றச் சொல்.

கதிர் கடைசியாகப் போட்டிருந்த சட்டையைத் துவைத்துவிடாதே. ஜிப் வைத்த பிளாஸ்டிக் கவரில் போட்டு பீரோவில் வை, வாசனை கொஞ்ச நாள் தங்கும். அவன் போன் நம்பருக்கு ரீசார்ஜ் போட்டுக்கொண்டே இரு, விட்டால் நம்பர் வேறு யாருக்காவது போய்விடும். வாட்ஸ்அப்பில் அவன் பேசி அனுப்பியதெல்லாம் போன் கெட்டால் போய்விடலாம், ஒரு பென் டிரைவில் ஏற்றி, இன்னொரு பிரதி தங்கச்சியிடம் கொடுத்துவை.

சோறு இறங்கவில்லை என்றால் கட்டாயப்படுத்தாதே. உப்புப் போட்ட கஞ்சி அரை டம்ளர், மூன்று மணி நேரத்துக்கு ஒரு தடவை குடி. வெறும் வயிற்றில் காபியாகக் குடித்துக்கொண்டிருந்தால் படபடப்பு கூடும், ராத்திரித் தூக்கமும் போகும். இரண்டு வாரமாகத் தூக்கமே இல்லை என்றால் டாக்டரிடம் போ, அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. அவனோடு போய்விட வேண்டும் என்று ஒரு தடவை தோன்றினாலும் உடனே அண்ணனை எழுப்பு, இல்லையென்றால் எனக்குக் கூப்பிடு. 14416 என்ற நம்பரில் எந்த நேரமும் ஆள் இருக்கிறார்கள், தமிழிலேயே பேசலாம், காசு கிடையாது.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மயிலாடுதுறை வருகிறேன். சமைத்து எடுத்து வருவேன், நீ அடுப்பு மூட்டாதே. பென் டிரைவும் கொண்டு வருகிறேன், அவன் போனை சார்ஜில் போட்டு வை. கோயில் பேச்சை நான் எடுக்க மாட்டேன், நீ எடுத்தால் பேசுவோம்.

உன்,
வசந்தா