இருநூறாவது கீறல்

டிடோர் தீவில் கிராம்பு ஏற்றிக்கொண்டு ஸ்பானியக் கப்பல் விக்டோரியா நங்கூரம் எடுத்தது 1521 டிசம்பர் 21, சனிக்கிழமை. மறுநாள் மாலையே, நாள் எண்ண, அவன் முதல் கோடு கீறிவிட்டான்.

கலப்பற்று வேலைக்காரன் அவன். பலகைச் சந்துகளில் தார் தோய்த்த சணலைத் திணித்து அடிப்பது தொழில். கீறுவதற்கு அவன் தேர்ந்தெடுத்தது, தண்ணீர் இறைக்கும் பம்பை ஒட்டி நின்ற கப்பலின் விலாக்கட்டையை. ஓக் மரம். ரேகை ஓடும் திசையிலேயே கீறினால் ஈரத்தில் மரம் உப்பிக் கோடு மூடிவிடும். அதனால் ரேகைக்குக் குறுக்கே, ஆணி முனையால் மூன்று முறை இழுத்துவிட்டு, விரலில் இருக்கும் தாரைப் பள்ளத்தில் தேய்த்துவிடுவான். அப்புறம் இருட்டில் தடவினாலும் எண்ணலாம். நான்கு கோடு, ஐந்தாவது அவற்றை வெட்டிச் சாய்வாக. அது ஒரு கட்டு.

மணல் கடிகாரத்தை அவன் நம்பவில்லை. அரை மணிக்கு ஒருமுறை, நாளைக்கு 48 முறை அதைக் கவிழ்ப்பது பையன்கள் வேலை. தூக்கம் சொக்கும்போது மணல் முழுக்க இறங்குமுன்பே கவிழ்த்துவிட்டால் காவல் சீக்கிரம் முடியும். எந்தப் பையனுக்கும் இது தெரியும். ஈரம் ஏறினால் மணலும் கழுத்தில் அடைத்துக்கொள்ளும். அதனால் அவனுக்குக் கணக்கு சூரியன் விழும் நேரம் மட்டும்தான். நன்னம்பிக்கை முனைப் புயலில் சூரியனே தெரியாத நாட்களில், திசைகாட்டிக்கு விளக்கு ஏற்றும்போது கீறினான். கூடவே, சனிக்கிழமைதோறும் இடுப்புக் கயிற்றில் ஒரு முடிச்சு. ஒன்று தப்பினாலும் மற்றது காட்டிக்கொடுக்கும்.

கீறலுக்குக் கீழே சில இடங்களில் சிறு புள்ளி. யாராவது செத்த நாள். உப்பு இல்லாமல் பதப்படுத்திய இறைச்சி அழுகிப்போய், சோறும் தண்ணீரும்தான் சாப்பாடு என்றான பிறகு புள்ளிகள் நெருங்கிக்கொண்டே வந்தன. 21 வரை எண்ணினான். ஓட்டை வழியே தண்ணீர் வந்துகொண்டே இருந்ததால் உயிரோடு இருந்தவர்களுக்குப் பம்படிப்பு ஓயவில்லை.

போர்த்துக்கீசியர் கையில் இருந்த கேப் வெர்டி தீவு கண்ணில் பட்டபோது கட்டையில் 39 கட்டும் நான்கு தனிக்கோடும் இருந்தன. 199. கயிற்றில் 28 முடிச்சு, அதற்கு மேல் மூன்று நாள். கூட்டினாலும் 199தான். இன்று புதன், ஜூலை 9. சாயங்காலம் சாய்வுக் கோடு போட்டால் 200. நாற்பதாவது கட்டு நிறையும்.

அரிசி வாங்கப் படகு போனது. டிடோர் இருக்கும் மொலுக்காத் தீவுகளைப் போர்த்துக்கீசியர் தங்களுடையவை என்றார்கள். அங்கிருந்து வருவதாகச் சொன்னால் சிறைதான்; அமெரிக்கக் கரையிலிருந்து வருகிறோம் என்று சொல்லும்படி உத்தரவு. கூடவே, என்ன கிழமை என்று கேட்டு வரவும் சொல்லியிருந்தார்கள்.

படகு திரும்பியது. துடுப்பு போட்ட கூட்டாளி மூட்டையை இறக்கிவிட்டு நேரே பம்புக்கு வந்தான்.

"வியாழக்கிழமையாம்."

"யார் சொன்னது?"

"கரையில எல்லாரும். பாதிரியாரும்."

அவன் விளக்கை எடுத்து வந்து கட்டையைத் தடவினான். கட்டு கட்டாக. பிறகு கயிற்றை முடிச்சு முடிச்சாக. புயல் நாட்களுக்கு வந்ததும் நிறுத்தி மறுபடி எண்ணினான். அங்கேயும் குறையில்லை.

"ஒரு நாள் விட்டுட்டடா."

"விடல. சூரியன் விழுந்த ஒவ்வொரு தடவையும் கீறியிருக்கேன்."

"அப்ப வெள்ளிக்கிழமைன்னு விரதம் இருந்ததெல்லாம்?"

அவனிடம் பதில் இல்லை. மேலே, பயணத்தை எழுதிவந்த பிகாஃபெட்டாவும் தன் நாட்குறிப்பைப் புரட்டிக்கொண்டிருந்தார். அவரும் ஒரு நாள்கூட விடாமல் எழுதியவர்.

இருவர் கணக்கும் சரிதான். 1519-ல் ஸ்பெயினை விட்டதிலிருந்து கப்பல் மேற்கே, சூரியன் போகும் பக்கமே போயிருந்தது. ஒரு டிகிரி மேற்கே நகர்ந்தால் நண்பகல் 4 நிமிடம் தாமதம். 15 டிகிரிக்கு ஒரு மணி. உலகைச் சுற்றி 360 டிகிரி முடிந்தால் 24 மணி. கரையில் இருந்தவர்கள் பார்த்ததைவிட ஓர் அஸ்தமனம் குறைவாகப் பார்த்திருந்தார்கள் அவர்கள். ஒவ்வொரு நாளையும் சற்று நீளமாக வாழ்ந்தே அந்த ஒரு நாளைச் செலவழித்திருந்தார்கள். இதைப் பம்படியில் நின்றவனுக்குச் சொல்ல அங்கே யாருமில்லை.

"அடுத்த தடவை போறப்ப வேற ஆளக் கேளு," என்றான். "சந்தைக்காரி யாரையாவது. அவளுக்குக் கிழமை தப்பாது."

கூட்டாளி தலையாட்டினான்.

சில நாட்களில் படகு மறுபடி அரிசிக்குப் போனது, 13 பேரோடு. இரவு முழுக்கக் காத்திருந்தார்கள். வரவில்லை. கிராம்பு விஷயம் கரையில் கசிந்துவிட்டது. பிடிபட்டவர்களை மீட்க ஆளும் இல்லை, பீரங்கிக்குப் பதில் சொல்லத் தெம்பும் இல்லை. கப்பல் தலைவர் எல்கானோ பாய் ஏற்றச் சொன்னார்.

அன்று மாலை பம்புக்கு ஆள் போதவில்லை. ஒரு கையால் பம்பை அடித்துக்கொண்டே மறு கையால் ஆணியை எடுத்தான். தன் கணக்குப்படியே ஒரு கோடு கீறினான். தாரைத் தேய்த்தான். கீழே புள்ளி வைக்கப் போய், கை நின்றது. பதின்மூன்று பேரும் உயிரோடுதான் இருந்தார்கள்.

ஆணியைக் கட்டையிலேயே குத்திவிட்டு இரண்டு கையாலும் பம்பைப் பிடித்தான்.