கோவில்பட்டி சிறுவர் சிறுமியர் கோடைக்கால ஹாக்கிப் பயிற்சி முகாம் – 2026

ஏப்ரல் 27 திங்கள் முதல் மே 23 சனி வரை
7 முதல் 15 வயது வரை, ஆண், பெண் இரு பாலருக்கும்
இடம்: எட்டயபுரம் சாலை மண் மைதானம், கோவில்பட்டி

அன்புள்ள பெற்றோருக்கு,

கோவில்பட்டிக்கு வெளியூர்க்காரர்கள் கடலை மிட்டாய் வாங்க வருவார்கள். ஹாக்கி தெரிந்தவர்கள் ஆட்டம் பார்க்க வருவார்கள். இந்த ஊரின் மைதானங்களில் ஆடி வளர்ந்த ஒன்பது பேர் சேர்ந்து இந்த முகாமை நடத்துகிறோம். எங்களில் மூன்று பேர் பெண்கள். 2025 கடைசியில் ஜூனியர் உலகக் கோப்பை சென்னையிலும் மதுரையிலும் நடந்தபோது, "நாங்களும் மட்டை பிடிக்கணும்" என்று பிள்ளைகள் கேட்க ஆரம்பித்தார்கள். அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்த முகாம்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறோம். நான்கு வாரத்தில் யாரையும் மாநில அணிக்கு அனுப்ப முடியாது. குனிந்து ஓடவும், பந்தை மட்டையோடு ஒட்டி வைத்துக்கொள்ளவும், தலையைத் தூக்கிப் பார்த்துப் பாஸ் கொடுக்கவும் கற்றுத்தர முடியும். அதைச் சரியாகச் செய்வோம்.

யார் எந்தப் பிரிவில்?

வயது 2026 ஏப்ரல் 27 அன்று உள்ளபடி கணக்கிடப்படும். ஒரு பிரிவுக்கு 24 பேர், மொத்தம் 72 இடம். எட்டுப் பிள்ளைகளுக்கு ஒரு பயிற்சியாளர் என்ற கணக்கை மாற்றுவதில்லை. அதனால், "இன்னும் ஒருத்தரைச் சேர்த்துக்கோங்க சார்" என்று கேட்டால் சங்கடமாகிவிடும்.

சின்னவர்கள் (7–9): மட்டை பிடிக்கும் முறை, பந்தை நிறுத்துவது, தள்ளுவது. முழுக்க விளையாட்டாகவே. இவர்களுக்குக் கனமில்லாத பிளாஸ்டிக் பந்துதான்.

நடுப்பிரிவு (10–12): ட்ரிப்ளிங், ஓடிக்கொண்டே பாஸ் கொடுப்பது, ஆறு பேர் அணி ஆட்டம். பந்தை உயரத் தூக்கி அடிக்க அனுமதியில்லை.

பெரியவர்கள் (13–15): ஹிட், டேக்கிள், பெனால்டி கார்னர், முழு மைதான ஆட்டம். கோல்கீப்பர் ஆக ஆசைப்படுபவர்களுக்கு வாரம் இரண்டு நாள் தனிப் பயிற்சி உண்டு. இந்தப் பிரிவில் பெண் பிள்ளைகளின் ஆட்டங்கள் தனியாக நடக்கும். பயிற்சி எல்லோருக்கும் ஒன்றாகத்தான்.

பெற்றோர் வழக்கமாகக் கேட்கும் கேள்வி: "என் மகன் இடது கைக்காரன், அவனுக்குத் தனி மட்டை உண்டா?" கிடையாது. ஹாக்கியில் மட்டையின் தட்டையான பக்கத்தால்தான் பந்தைத் தொடலாம், அது எல்லோருக்கும் ஒரே பக்கம்தான். இடது கை மேலே, வலது கை கீழே. இடது கைக்காரர்களுக்கு மேல்கை வலுவாக இருப்பதால் ட்ரிப்ளிங் சீக்கிரம் பிடிபடுவதையும் பார்த்திருக்கிறோம். கவலைப்படாமல் அனுப்புங்கள்.

ஒரு நாள் எப்படிப் போகும்?

கோவில்பட்டி வெயிலை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. முகாமின் பெரும்பகுதி அக்கினி நட்சத்திரத்தில் வருகிறது. அதனால் காலை 8.15-க்குப் பிறகும் மாலை 4.45-க்கு முன்பும் ஒரு பிள்ளைகூட மைதானத்தில் இருக்காது.

காலை 5.50-க்கு வருகைப் பதிவு. 6.00 மணிக்கு நடுப்பிரிவும் பெரியவர்களும் மெல்லோட்டம், உடலை இளக்கும் பயிற்சிகள். 6.20-லிருந்து மட்டைப் பயிற்சி. சின்னவர்கள் 6.30-க்கு வந்தால் போதும், அவர்களுக்கு 8.00 மணிக்கு முடிந்துவிடும். 7.30 முதல் 8.15 வரை மற்ற இரு பிரிவுக்கும் அணி ஆட்டம். ஒவ்வொரு 15 நிமிடத்துக்கும் விசில் அடிப்போம். தாகம் இருக்கிறதோ இல்லையோ, எல்லோரும் தண்ணீர் குடித்தாக வேண்டும்.

பயிற்சி முடிந்ததும் வேப்பமரத்தடியில் சிற்றுண்டி. ஒரு நாள் கம்மங்கூழ், ஒரு நாள் சுண்டல், ஒரு நாள் அவித்த முட்டையோ வாழைப்பழமோ. சனிக்கிழமை மட்டும் கடலை மிட்டாய். நிலக்கடலை ஒத்துக்கொள்ளாத பிள்ளை என்றால் விண்ணப்பத்தில் மறக்காமல் எழுதுங்கள், வேறு தருவோம்.

மாலைப் பயிற்சி 4.45 முதல் 6.30 வரை. பெரியவர்களுக்குத் திங்கள் முதல் வெள்ளி வரை, நடுப்பிரிவுக்குத் திங்கள், புதன், வெள்ளி மட்டும். சின்னவர்களுக்கு மாலையில் கிடையாது, வீட்டில் விளையாடட்டும். சனிக்கிழமை காலை மட்டும், அன்று போட்டி ஆட்டம். ஞாயிற்றுக்கிழமைகளும் மே 1-ம் விடுமுறை.

கட்டணம்

முழு முகாமுக்கும் சேர்த்து: சின்னவர்கள் ரூ.900, நடுப்பிரிவு ரூ.1,400, பெரியவர்கள் ரூ.1,800. அரசுப் பள்ளி மாணவர்களுக்குப் பாதிக் கட்டணம். ஒரே வீட்டிலிருந்து இரண்டாவது பிள்ளைக்கு ரூ.300 குறைவு. அதுவும் சிரமம் என்றால் நேரில் வந்து தனியாகச் சொல்லுங்கள், பணத்துக்காக யாரையும் திருப்பி அனுப்பமாட்டோம்.

இதில் டீ-சர்ட் ஒன்று, சிற்றுண்டி, விபத்துக் காப்பீடு, மட்டையும் பாதுகாப்புக் கருவிகளும் இரவலாக, எல்லாம் அடக்கம். மட்டை உடைந்தால் உங்களிடம் காசு கேட்கமாட்டோம், உடையத்தான் செய்யும். புது மட்டை இப்போதே வாங்க வேண்டாம். வளரும் பிள்ளைக்கு எந்த அளவு சரி என்று இரண்டு வாரம் பார்த்துவிட்டு நாங்களே சொல்கிறோம். கேன்வாஸ் ஷூவும் இரண்டு ஜோடி சாக்ஸும் மட்டும் உங்கள் செலவு. வெறுங்காலோடு ஆட விடமாட்டோம்.

முதல் மூன்று நாளுக்குள் பிள்ளைக்குப் பிடிக்கவில்லை என்றால் முழுப் பணமும் திரும்பக் கிடைக்கும். அதற்குப் பிறகு கிடையாது.

பாதுகாப்பு

ஹாக்கிப் பந்தின் எடை 160 கிராம் அளவில் இருக்கும், கல் மாதிரி கெட்டி. அதனால் கால்காப்பும் பல்காப்பும் இல்லாமல் நடுப்பிரிவிலும் பெரியவர்களிலும் யாரும் மட்டையைத் தொட முடியாது. கோல்கீப்பருக்குத் தலைக்கவசம் உட்பட முழுக் கவசம். பெனால்டி கார்னரைத் தடுப்பவர்களுக்கு முகமூடி. தோளுக்கு மேல் மட்டையை ஓங்கினால் அன்றைய ஆட்டம் அவ்வளவுதான், வெளியே உட்கார வேண்டியதுதான்.

முதலுதவிப் பயிற்சி பெற்ற இருவர் எப்போதும் மைதானத்தில் இருப்பார்கள். ஐஸ் பெட்டி, ஓ.ஆர்.எஸ்., கட்டுத்துணி தயாராக இருக்கும். தலைசுற்றல், வாந்தி, குளிர் நடுக்கம் என்று பிள்ளை சொன்னால் உடனே நிழலில் படுக்கவைத்து ஈரத்துணியால் உடலைக் குளிர்விப்போம், உங்களை அழைப்போம். தலையில் அடிபட்டால், லேசான அடியானாலும் அன்று திரும்ப ஆட விடமாட்டோம். தேவைப்பட்டால் 108-ஐ அழைத்து அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோவோம். கூட ஒரு பயிற்சியாளர் போவார்.

ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, ஒவ்வாமை எதுவானாலும் மறைக்காமல் எழுதுங்கள். சேர்க்க மறுப்பதற்காகக் கேட்கவில்லை. இன்ஹேலர் பையின் அடியில் கிடக்காமல் பயிற்சியாளர் கையில் இருக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

கோடை மழைக்கு இடி சத்தம் கேட்டதும் ஆட்டத்தை நிறுத்திப் பிள்ளைகளைக் கட்டடத்துக்குள் அழைத்துப் போவோம். மரத்தடியில் யாரையும் நிற்க விடமாட்டோம். கடைசி இடி கேட்டு 30 நிமிடம் கழித்துத்தான் மறுபடி மைதானம்.

பயிற்சியாளர்கள் எல்லோரும் காவல்துறைச் சரிபார்ப்புச் சான்று பெற்றவர்கள், பதிவு மேசையில் கேட்டுப் பார்க்கலாம். எந்தப் பெரியவரும் ஒரு பிள்ளையோடு தனியறையில் இருக்கக் கூடாது என்பது எங்கள் விதி. உடை மாற்றும் அறையும் கழிப்பறையும் பெண் பிள்ளைகளுக்குத் தனி, அங்கே பெண் பயிற்சியாளர் ஒருவர் இருப்பார். அடிப்பது, கேலி செய்வது, தண்டனையாக வெயிலில் நிற்கவைப்பது எதுவும் கிடையாது. யார் நடத்தை பற்றியாவது உறுத்தலாக இருந்தால் எங்களிடம் சொல்லுங்கள். எங்களிடம் சொல்லத் தயக்கமாக இருந்தால் சிறார் உதவி எண் 1098-க்கு நேரே பேசுங்கள்.

பிள்ளையை அழைத்துப்போக வருபவரிடம் முகாம் அட்டை இருக்க வேண்டும். மாமாவோ பக்கத்து வீட்டு அண்ணனோ, அட்டை இல்லாவிட்டால் உங்களைக் கூப்பிட்டுக் கேட்காமல் அனுப்பமாட்டோம். அன்றைக்குக் கோபப்படாதீர்கள். சைக்கிளில் தனியாக வந்துபோகும் பெரிய பிள்ளைகளுக்கு உங்கள் கையெழுத்திட்ட கடிதம் வேண்டும். படம் எடுத்து வெளியிடுவதும் உங்கள் சம்மதம் இருந்தால் மட்டுமே.

சேர்க்கை

ஏப்ரல் 13 முதல் 24 வரை, ஞாயிறு தவிர, மாலை 5 முதல் 7 மணிக்குள் மைதானக் கொட்டகையில் நேரில் வாருங்கள். பிறப்புச் சான்று அல்லது ஆதார் நகல், பாஸ்போர்ட் அளவு படம் இரண்டு, அவசரத்துக்கு அழைக்க இரண்டு தொலைபேசி எண்கள் கொண்டுவாருங்கள். பிள்ளையையும் கூட்டிக்கொண்டு வாருங்கள், டீ-சர்ட் அளவு எடுக்க வேண்டும்.