மருத்துவச் செலவுத் தொகை கோரும் விண்ணப்பம் (திருத்தி எழுதியது)

கோயம்புத்தூர்
09.12.2024

பெறுநர்
மனிதவள மேலாளர் அவர்கள்

பொருள்: மகளின் டெங்கு சிகிச்சைக்கு ரூ.18,800 கோருதல்

மதிப்பிற்குரிய மேடம்,

வணக்கம். நவம்பர் 25 அன்று நான் கொடுத்த விண்ணப்பம், வரம்பும் ஆவணங்களும் குறிப்பிடப்படவில்லை என்று டிசம்பர் 3 அன்று திரும்பி வந்தது. குழந்தையை வீட்டுக்குக் கூட்டி வந்த சில நாளில் அவசரத்தில் எழுதியது அது. இப்போது முழு விவரத்தோடு எழுதியிருக்கிறேன்.

நம் நிறுவன விதிப்படி குடும்பத்துக்கு ஒரு நிதியாண்டில் ரூ.25,000 வரை பெறலாம். 2024-25க்கு, மனைவியின் பல் சிகிச்சைக்காக ஜூனில் ரூ.6,200 வாங்கிவிட்டேன். மீதி ரூ.18,800. இந்த முறை ஆன செலவு ரூ.20,360: மருத்துவமனை ரூ.14,350, மருந்து ரூ.3,870, ரத்தப் பரிசோதனை ரூ.2,140. வரம்பைத் தாண்டும் ரூ.1,560ஐ நானே ஏற்றுக்கொள்கிறேன்.

ஒன்பது வயது மகள் நவம்பர் 11 முதல் 15 வரை உள்நோயாளியாக இருந்தாள். 12ஆம் தேதியே காய்ச்சல் விட்டபின் ஏன் மூன்று நாள் கூடுதலாக இருந்தீர்கள் என்று கணக்குப் பிரிவில் கேட்டார்கள். டெங்குவில் காய்ச்சல் இறங்கும் நேரம்தான் ஆபத்தான கட்டம். அவளுக்கு 13ஆம் தேதி காலை தட்டணுக்கள் 38,000க்கு இறங்கிவிட்டன. காலையும் மாலையும் ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள். பரிசோதனை ரசீதுகள் அதிகமாக இருப்பது அதனால்தான். எண்ணிக்கை ஏற ஆரம்பித்த பிறகே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

டிஸ்சார்ஜ் சம்மரி, பணம் செலுத்திய ரசீதுடன் மருத்துவமனை பில், மருந்துச் சீட்டு, மருந்துக்கடை பில்கள் மூன்று, என்எஸ்1 முடிவு உட்பட பரிசோதனை அறிக்கைகளும் அவற்றின் ரசீதுகளும் இணைத்துள்ளேன். அறிக்கைகளும் மருந்துச் சீட்டும் மட்டும் நகல்கள். மறுபரிசோதனைக்கு மூலப்பிரதி தேவைப்படுகிறது. மற்றவை அசல். 13ஆம் தேதி மருந்துக்கடை பில்லில் எழுத்து மங்கிப்போனதால், கடையில் முத்திரையோடு மறுபிரதி வாங்கி அதனுடனே பின் செய்திருக்கிறேன். அதே பில்லில் உள்ள சத்துமாவு ரூ.310ஐக் கணக்கில் சேர்க்கவில்லை. மருத்துவமனை பில்லில் மகள் பெயருக்குப் பதில் என் பெயர் விழுந்திருந்தது. அதையும் திருத்தி வாங்கிவிட்டேன்.

என் சம்பளம் ரூ.21,000க்கு மேல் என்பதால் எனக்கு இ.எஸ்.ஐ. இல்லை. இந்தச் செலவுக்கு வேறு எந்தக் காப்பீட்டிலும் பணம் கோரவில்லை, கோரவும் மாட்டேன் என உறுதி கூறுகிறேன்.

டிஸ்சார்ஜ் ஆன 30 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்ற கெடு டிசம்பர் 15 அன்று முடிகிறது. மருத்துவமனைக்குக் கட்டியதில் ரூ.10,000 கைமாற்று வாங்கியது. டிசம்பர் சம்பளத்தோடு இந்தத் தொகையும் வந்தால் அதைத் திருப்பிக் கொடுத்துவிடுவேன். ஆவணம் ஏதாவது குறைந்தால் தொலைபேசியில் சொன்னால் போதும், அன்றே கொண்டுவந்து தருகிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
பணியாளர் எண் 1147
தரக் கட்டுப்பாட்டுப் பிரிவு