உதவித்தொகைக்கு நன்றி தெரிவித்து ஒரு மாணவியின் கடிதம்

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நான் இளநிலை செவிலியர் படிப்பில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். உங்கள் தாயார் நினைவாக நீங்கள் எங்கள் கல்லூரிக்குத் தரும் உதவித்தொகை போன ஆண்டிலிருந்து எனக்குக் கிடைத்து வருகிறது. இந்த ஆண்டுக்கான தொகையும் என் கட்டணக் கணக்கில் சேர்ந்துவிட்டதாக அலுவலகத்தில் சொன்னார்கள். மிக்க நன்றி அம்மா.

நன்றிக் கடிதத்துக்கு ஒரு மாதிரி கொடுத்தார்கள். பெயரும் வகுப்பும் மட்டும் எழுதிக் கொடுத்தால் போதும். எனக்கு அது போதும் என்று தோன்றவில்லை. நீங்கள் கொடுத்த பணம் எதற்குச் செலவானது, அதனால் என் படிப்பில் என்ன மாறியது என்று உங்களுக்குத் தெரிய வேண்டும். அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

அப்பா லாரி ஓட்டுகிறார். லோடு கிடைக்கிற மாதம் ஒரு மாதிரி, கிடைக்காத மாதம் வேறு மாதிரி. என் அம்மா வீட்டிலேயே துணி தைக்கிறார். தம்பி பத்தாம் வகுப்பு. முதலாம் ஆண்டுக் கட்டணத்தை என் அம்மாவின் நகையை அடகு வைத்துத்தான் கட்டினோம். உங்கள் உதவி வந்த பிறகு கல்லூரிக்காகப் புதிதாகக் கடன் வாங்கவில்லை. பழைய கடனைக் கொஞ்சம் கொஞ்சமாக அடைத்து, இந்த ஆண்டு நகையை மீட்டுவிட்டார்கள். இதை உங்களுக்குக் கட்டாயம் எழுதச் சொன்னது என் அம்மாதான்.

கட்டணத்துக்கும் ஹாஸ்டலுக்கும் போக மீதித் தொகையில் சொந்தமாக ஒரு ஸ்டெதஸ்கோப்பும், மருந்தியல், குழந்தைநலச் செவிலியம் ஆகிய பாடங்களுக்கான புத்தகங்களும் வாங்கினேன். முன்பு நூலகப் புத்தகத்துக்குப் பெயர் எழுதி வைத்துவிட்டுக் காத்திருப்பேன். தேர்வு நேரத்தில் அது கைக்கு வரவே வராது.

ஆனால் இவை எல்லாவற்றையும்விடப் பெரிய மாற்றம் வேறொன்று. முதலாம் ஆண்டில் மாலை வகுப்பு முடிந்ததும் ஒரு கடையில் பில் போடும் வேலைக்குப் போனேன். இரவு ஹாஸ்டலுக்கு வந்து புத்தகத்தைத் திறந்தால் கண் சொருகும். காலையில் வார்டில் சிஸ்டர் ஒரு மருந்தைக் காட்டி, "இது எதுக்கு, என்ன பக்கவிளைவு வரும்?" என்று கேட்டால், மனப்பாடம் செய்த ஒரு வரியைச் சொல்வேன், அதற்கு மேல் போகாது. உங்கள் உதவித்தொகை உறுதியானதும் அந்த வேலையை விட்டுவிட்டேன். இப்போது மாலையில் படிக்க முடிகிறது. அன்று வார்டில் பார்த்த நோயாளியின் கேஸ் ஷீட்டில் இருந்த மருந்துகளை அன்றே புத்தகத்தில் தேடிப் பார்க்கிறேன். எதற்காகக் கொடுத்தார்கள், எதைக் கவனிக்க வேண்டும் என்று ஒவ்வொன்றாகப் புரிகிறது. செவிலியர் படிப்பில் வகுப்பு ஒரு பாதி என்றால் வார்டு இன்னொரு பாதி. இரண்டையும் சேர்த்துப் பார்க்க நேரம் வேண்டும். அந்த நேரம் எனக்கு உங்களால் கிடைத்தது.

இந்தப் பருவத்தில் குழந்தைகள் வார்டில் போஸ்டிங். அதைப் பற்றிக் கொஞ்சம் எழுத ஆசையாக இருக்கிறது. பிறந்த குழந்தையின் மூச்சை எண்ணுவதுதான் எங்களுக்கு முதலில் சொல்லிக்கொடுத்த வேலைகளில் ஒன்று. நிமிடத்துக்கு 30 முதல் 60 வரை இருந்தால் இயல்பு. பெரியவர்களுக்குச் சில நேரம் அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கிக்கொள்வார்கள். பச்சிளம் குழந்தைக்கு அப்படிச் செய்யக் கூடாது. வேகமாக மூச்சு விடும், சில விநாடி நிறுத்தும், மறுபடியும் தொடங்கும். அதனால் முழு நிமிடமும் கண்ணை எடுக்காமல் வயிற்றின் அசைவைப் பார்த்து எண்ண வேண்டும். குழந்தை அழும்போது எண்ணினால் கணக்கு சரியாக வராது, அமைதியாகும்வரை காத்திருக்க வேண்டும். கேட்பதற்குச் சின்ன வேலை மாதிரி இருக்கும். ஆனால் அந்த எண் கூடிக்கொண்டே போவதை முதலில் கவனிக்கிற ஆள் பெரும்பாலும் பக்கத்தில் நிற்கிற செவிலியர்தான். மருத்துவரைக் கூப்பிட வேண்டிய நேரம் இதுதான் என்று முடிவு செய்வதும் அவர்தான்.

எடை குறைவாகப் பிறந்த குழந்தைகளைத் தாயின் நெஞ்சோடு தோல் படும்படி வைத்துக் கட்டிப் பராமரிக்கும் முறையையும் அங்கேதான் பார்த்தேன். கங்காரு முறை என்பார்கள். 1970களின் இறுதியில் கொலம்பியாவின் போகோட்டா நகரத்தில், போதுமான இன்குபேட்டர்கள் இல்லாத ஒரு மருத்துவமனையில் தொடங்கியது என்று வகுப்பில் படித்திருந்தோம். படித்தது வேறு, பார்ப்பது வேறு. குழந்தையைத் தொடவே பயந்துகொண்டிருந்த ஒரு தாய்க்கு, தலையை எந்தப் பக்கம் திருப்பி வைக்க வேண்டும், மூக்கு அழுந்தாமல் எப்படிப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று சிஸ்டர் காட்டினார். அடுத்த முறை அந்தத் தாய் யாரையும் கேட்காமல் தானே வைத்துக்கொண்டார். அங்கே செவிலியரின் பாதி வேலை சொல்லிக்கொடுப்பதுதான் என்று அப்போது தோன்றியது. படிப்பு முடிந்ததும் பச்சிளம் குழந்தைகள் பிரிவில்தான் வேலை செய்ய வேண்டும் என்று விரும்புகிறேன். அதற்குத் தனிப் பயிற்சிகள் இருக்கின்றன. விசாரித்து வைத்திருக்கிறேன்.

மதிப்பெண் விவரத்தையும் சொல்லிவிடுகிறேன். போன பருவத்தில் எல்லாப் பாடங்களிலும் தேர்ச்சி. மருந்தியலில் வகுப்பிலேயே இரண்டாவதாக வந்தேன். நோயியலில் மதிப்பெண் சுமார்தான், அதில் இன்னும் உழைக்க வேண்டியிருக்கிறது. மதிப்பெண் பட்டியலின் நகலை இத்துடன் இணைத்திருக்கிறேன். இனி ஒவ்வொரு பருவம் முடிந்ததும் அனுப்பலாம் என்றிருக்கிறேன். உங்களுக்கு அது தொந்தரவாக இருந்தால் அலுவலகத்தில் ஒரு வார்த்தை சொன்னால் போதும் அம்மா.

உங்களை நான் நேரில் பார்த்ததில்லை. என் முகம்கூட உங்களுக்குத் தெரியாது. விண்ணப்பத்தில் இருந்த சில வரிகளை நம்பி இரண்டு ஆண்டுகளாக உதவுகிறீர்கள். நான் சோர்ந்துபோகிற நாட்களில் இந்த நம்பிக்கையை நினைத்துக்கொள்வேன். கட்டணம் கட்டியதற்கு மட்டும் இல்லை, இதற்காகவும் உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரே ஒரு வேண்டுகோள். உங்கள் தாயாரின் பெயரை ஒவ்வோர் ஆண்டும் உதவித்தொகைப் படிவத்தில் எழுதுகிறேன். அவர் எப்படிப்பட்டவர், என்ன செய்துவந்தார் என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கு நேரமும் மனமும் இருந்தால் அவரைப் பற்றிச் சில வரி எழுதுங்கள். கட்டாயம் இல்லை. பதில் வராவிட்டாலும் நான் தவறாக நினைக்க மாட்டேன்.

அடுத்த பருவத்தில் சமுதாயச் சுகாதாரப் பயிற்சிக்காக வீடு வீடாகப் போக வேண்டியிருக்கும். அதைப் பற்றி அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன்.

உங்களுக்கும் உங்கள் குடும்பத்தினருக்கும் என் பெற்றோரின் வணக்கங்களையும் தெரிவித்துக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
நன்றியுடன்,
மு. சுமதி
இளநிலை செவிலியர் படிப்பு, மூன்றாம் ஆண்டு

இணைப்பு: நான்காம் பருவ மதிப்பெண் பட்டியல் நகல்