தலைமைப் பொறியாளரைச் சந்திக்க நேரம் கேட்டு, அவருடைய நேர்முக உதவியாளருக்கு

பாகூர்
05.08.2025

பெறுநர்:
தலைமைப் பொறியாளரின் நேர்முக உதவியாளர் அவர்கள்,
பொதுப்பணித் துறை, புதுச்சேரி.

பொருள்: பங்காரு வாய்க்கால் தூர்வாருவது குறித்துத் தலைமைப் பொறியாளர் ஐயாவைச் சந்திக்க 20 நிமிடம் வேண்டி.

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். நேற்றுக் காலை தொலைபேசியில் பேசிய பாகூர் தனலட்சுமி எழுதுகிறேன். அலுவலகத்தில் ஆட்கள் காத்திருந்த நேரத்திலும் பொறுமையாகக் கேட்டு, "விஷயத்தை எழுத்தில் அனுப்புங்கள், பார்த்து ஐயாவிடம் வைக்கிறேன்" என்றீர்கள். அதற்கு முதலில் நன்றி. நீங்கள் சொன்னபடியே எழுதி அனுப்பியிருக்கிறேன்.

பாகூர் ஏரிக்குத் தண்ணீர் வருவது தென்பெண்ணையில் சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து, பங்காரு வாய்க்கால் வழியாக. 2024 நவம்பர் கடைசியில் வந்த ஃபெஞ்சல் புயலுக்குப் பிறகு, சாத்தனூர் அணையிலிருந்து திறந்த தண்ணீரும் சேர்ந்து ஆற்றில் பெருவெள்ளம் போனது உங்களுக்கே தெரியும். அந்த வெள்ளம் கொண்டுவந்த மணல் வாய்க்காலின் தலைப்பகுதியில் மேடு தட்டிக் கிடக்கிறது. வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் அதை அள்ளினால்தான் ஆற்றில் வரும் முதல் தண்ணீர் ஏரிக்கு ஏறும். இல்லாவிட்டால் ஆற்றில் தண்ணீர் ஓடும், ஏரி வாங்காது. சம்பா நட்டவர்கள் பாடு அப்புறம் திண்டாட்டம்தான்.

இதைத் தலைமைப் பொறியாளரிடம் ஏன் கொண்டுவருகிறோம் என்று நீங்கள் கேட்கலாம், கேட்பதும் நியாயம். எங்கள் பகுதி உதவிப் பொறியாளரிடம்தான் முதலில் போனோம். அவர் நேரில் வந்து வாய்க்கால் கரையில் எங்களோடு நடந்து பார்த்தார். பிறகு செயற்பொறியாளரையும் சந்தித்தோம். புதுச்சேரி எல்லைக்குள் இருக்கும் பகுதியை அவர்களே செய்துகொடுப்பதாகச் சொல்லிவிட்டார்கள். அணைக்கட்டும் வாய்க்காலின் தலைப்பும் தமிழ்நாட்டுப் பக்கம் இருப்பதால், அங்கே கை வைக்க அந்த மாநில நீர்வளத் துறையோடு பேச வேண்டும், அது தலைமைப் பொறியாளர் அளவில் நடக்க வேண்டியது என்பது அவர்கள் இருவரும் சொன்னது. ஐயாவைப் பார்க்க நேரம் கேட்கப்போகிறோம் என்று செயற்பொறியாளரிடம் சொல்லிவிட்டுத்தான் உங்களுக்கு எழுதுகிறேன். அவரும் உடன் இருக்க வேண்டும் என்று ஐயா விரும்பினால் எங்களுக்கு இன்னும் நல்லது.

சந்திப்பில் நாங்கள் கேட்கப்போவது ஒன்றே ஒன்றுதான்: தமிழ்நாட்டு அதிகாரிகளோடு சேர்ந்து ஒரு கூட்டு ஆய்வுக்கு ஐயா ஏற்பாடு செய்ய வேண்டும். ஏரிக்கரை, கலிங்கு, மதகுப் பலகை என்று சொல்ல வேறு பல இருக்கின்றன. அவற்றை அன்று எடுக்க மாட்டோம், அவை செயற்பொறியாளர் அலுவலகத்திலேயே முடியும்.

மூன்று பேர் வருவோம். நான், கடைமடையில் நிலம் உள்ள ஒரு விவசாயி, ஏரியில் மதகு பார்க்கும் பெரியவர். அந்தப் பெரியவர் தினமும் காலையில் நீர்மட்டக் கல்லைப் பார்த்து ஒரு பள்ளிக்கூட நோட்டில் குறித்து வைப்பவர். தேதி, அளவு, மழை உண்டா இல்லையா, அவ்வளவுதான் அதில் இருக்கும். வெள்ளம் வந்த வாரத்துப் பக்கங்களில் ஈரம் பட்டு மை பரவியிருந்தாலும் எண்கள் தெரிகின்றன. அந்தப் பக்கங்களின் நகலையும், மணல் மேட்டின் புகைப்படங்களையும், விவரத்தை ஒரே பக்கத்தில் எழுதியதையும் இணைத்திருக்கிறேன். ஐயா அந்த ஒரு பக்கத்தை மட்டும் முன்கூட்டிப் பார்த்துவிட்டால் 20 நிமிடம்கூட ஆகாது.

இந்த மாதம் 15, 16 இரண்டு நாளும் விழா. அதற்கு முந்தைய நாட்களில் உங்கள் அலுவலகம் எந்த நெருக்கடியில் இருக்கும் என்று தெரியும், அதனால் அந்த வாரம் கேட்கவில்லை. ஆகஸ்ட் 18 முதல் செப்டம்பர் 12 வரை, விநாயகர் சதுர்த்தி தவிர்த்து, எந்த வேலை நாளானாலும் எங்களுக்குச் சரி. காலை, மாலை எதுவானாலும் வருகிறோம். முதல் நாள் மாலை தகவல் கிடைத்தால் போதும். வந்த பிறகு ஐயாவுக்கு அவசர வேலை வந்துவிட்டால் காத்திருக்கிறோம், வேறு நாள் சொன்னாலும் திரும்பி வருகிறோம்.

ஒன்றை உங்களிடம் வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். எம்.எல்.ஏ. மூலமாகச் சொன்னால் சீக்கிரம் நடக்கும் என்று ஊரில் சிலர் சொன்னார்கள். ஐயாவின் கைபேசி எண்ணும் எங்களில் ஒருவரிடம் இருக்கிறது. இரண்டுமே வேண்டாம் என்று பேசி முடிவு செய்தோம். ஐயாவின் ஒரு நாளில் எது எங்கே பொருந்தும் என்று தெரிந்தவர் நீங்கள். உங்களைத் தாண்டிப் போய் வாங்கும் நேரம் எங்களுக்கு வேண்டாம்.

இதை முதலில் வேறு அதிகாரி பார்ப்பதுதான் முறை என்று உங்களுக்குப் பட்டால் அதைச் சொல்லுங்கள், அவரிடமே போகிறோம். பதிலை இந்த மின்னஞ்சலுக்கே அனுப்பலாம்.

மரியாதையுடன்,
தனலட்சுமி
பாகூர் ஏரிப் பாசன விவசாயிகள் சார்பில்

இணைப்பு: விவரக் குறிப்பு, நீர்மட்ட நோட்டின் நகல், புகைப்படங்கள்


19.08.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். 5ஆம் தேதி கடிதம் கிடைத்தது என்றும், ஐயா காரைக்கால் ஆய்வு முடிந்து வந்ததும் அவர் பார்வைக்கு வைப்பதாகவும் பதில் எழுதியிருந்தீர்கள். நன்றி. அவசரப்படுத்த எழுதவில்லை. நிலவரத்தில் ஒரு சிறு மாற்றம், அது உங்கள் கோப்பில் இருப்பது நல்லது என்றுதான் எழுதுகிறேன்.

எங்கள் எல்லைக்குள் இருக்கும் பகுதியில் உதவிப் பொறியாளர் வேலையைத் தொடங்கிவிட்டார். ஆகவே சந்திப்பில் பேச வேண்டியது தலைப்பகுதி மட்டும்தான். 20 நிமிடம் என்று கேட்டிருந்ததை 10 நிமிடமாக வைத்துக்கொள்ளலாம். இரண்டு கூட்டங்களுக்கு நடுவில் அந்த அளவு இடைவெளி கிடைத்தாலும் வந்துவிடுவோம்.

செப்டம்பர் 12க்குள் நேரம் ஒதுக்குவது கடினம் என்றால் ஒரு வரி எழுதுங்கள், தவறாக எடுத்துக்கொள்ள மாட்டோம். அப்படியானால் விவரக் குறிப்பை முறையான மனுவாகத் தபால் பிரிவில் கொடுத்து, பதிவு எண்ணை உங்களுக்குத் தெரிவிக்கிறேன். அந்த மனு ஐயாவின் மேசைக்குப் போனால் அதுவே எங்களுக்குப் பெரிய உதவி.

தனலட்சுமி


28.08.2025

மதிப்பிற்குரிய அம்மா அவர்களுக்கு,

வணக்கம். செப்டம்பர் 3, புதன்கிழமை மாலை 4 மணி என்று நீங்கள் அனுப்பிய தகவல் கிடைத்தது. மிக்க நன்றி. மூவரும் 3.30க்கே வந்து வெளியே உட்கார்ந்திருப்போம். செயற்பொறியாளரையும் ஐயா வரச் சொல்லியிருப்பதாக எழுதியிருக்கிறீர்கள், அதில் எங்களுக்கு மிகவும் மகிழ்ச்சி.

புகைப்படங்களைப் பெரிய தாளில் அச்செடுத்து வரச் சொன்னீர்கள், எடுத்துவிட்டோம். வாசலில் காட்ட மூவரின் ஆதார் நகலும் கொண்டுவருகிறோம். மதகு பார்க்கும் பெரியவருக்கு முழங்கால் வலி, படியேறச் சிரமப்படுவார். லிஃப்ட் எந்தப் பக்கம் என்று மட்டும் அன்று வாசலில் இருப்பவரிடம் சொல்லி வைத்தால் உதவியாக இருக்கும்.

தனலட்சுமி