புராஜெக்ட் அறிக்கையில் சாட்பாட் உதவியைக் குறிப்பிடுவது பற்றி

அன்புள்ள நிவேதா,

உன் புராஜெக்ட் அறிக்கையின் வரைவை முழுதாகப் படித்தேன். வாணியம்பாடிப் பக்கம் கிணறு கிணறாகப் போய் நீ எடுத்த டிடிஎஸ், குளோரைடு அளவுகள் அருமை. கடைசியில் நன்றியுரையில் 'சாட்ஜிபிடிக்கும் என் நன்றி' என்று எழுதியிருக்கிறாய். மறைக்காமல் சொன்னதே எனக்குச் சந்தோஷம். ஆனால் சொல்ல வேண்டிய இடம் அது இல்லை.

நன்றியுரை மனிதர்களுக்கானது. டிடிஎஸ் மீட்டருக்கு நீ நன்றி சொல்லவில்லை. அது எந்த மாடல், எப்படிப் பயன்படுத்தினாய் என்று செய்முறைப் பகுதியில் எழுதினாய். சாட்பாட்டையும் அங்கேதான் எழுத வேண்டும். எந்தக் கருவி, எந்த மாதம், எந்தப் பகுதிக்கு, என்ன வேலைக்கு, அதன் பிறகு நீ என்ன சரிபார்த்தாய் என்பதெல்லாம் அதில் வரட்டும். 'உதவி பெறப்பட்டது' என்று மொட்டையாக விட்டால், கிணற்று அளவுகளையே அது தந்ததோ என்று படிப்பவருக்குச் சந்தேகம் வரும்.

நீ நேரில் சொன்னதை வைத்து ஒரு மாதிரி தருகிறேன். ஆங்கிலத்தில் உன் நடையிலேயே எழுதிக்கொள்:

"அறிமுகப் பகுதியின் முதல் வரைவை எழுதவும், முடிவுரையின் ஆங்கிலத்தைத் திருத்தவும் 2025 பிப்ரவரியில் சாட்ஜிபிடியைப் பயன்படுத்தினேன். அது தந்த தகவல்களை மூலக் கட்டுரைகளோடு ஒப்பிட்டுத் திருத்தினேன். நீர் மாதிரிகள், அளவீடுகள், கணக்கீடுகள், அவற்றுக்கான விளக்கம் ஆகியவை என்னுடையவை. பிழைகளுக்கு நானே பொறுப்பு."

இதில் 'ஒப்பிட்டுத் திருத்தினேன்' என்ற வரி இப்போதைக்கு உண்மை இல்லை. தோல் பதனிடும் கழிவு பற்றி நீ கொடுத்திருக்கும் இரண்டாவது மேற்கோளைத் தேடினேன். அந்த இதழ் இருக்கிறது, ஆண்டும் தொகுதி எண்ணும் பொருந்துகின்றன. அப்படி ஒரு கட்டுரைதான் அதில் இல்லை! சாட்பாட்கள் இப்படி நம்பும்படியான மேற்கோள்களைத் தாமாகவே உண்டாக்கிவிடும். அதனால் ஒவ்வொரு மேற்கோளையும் திறந்து படி. படிக்கக் கிடைக்காததை எடுத்துவிடு. லிட்டருக்கு 500 மில்லிகிராம் டிடிஎஸ் வரம்புக்கும் சாட்பாட்டைக் காட்டாதே, குடிநீருக்கான ஐஎஸ் 10500 தர ஆவணத்தையே காட்டு. மாற்று நீர் இல்லாத இடத்தில் 2000 வரை அது அனுமதிப்பதையும் சேர்த்து எழுது. உன் முடிவுக்கே அது முக்கியம்.

சாட்பாட்டை இணை ஆசிரியராகப் போடலாமா என்று உன் தோழி கேட்டாளாம். கூடாது. தான் சொன்னதற்கு அதனால் பொறுப்பேற்க முடியாது என்பதால் நேச்சர் இதழ் 2023-லேயே அதை மறுத்துவிட்டது. வைவாவில் எக்ஸ்டர்னல் முன்னால் உட்காரப்போவதும் நீதானே.

அப்புறம், அந்த உரையாடல்களை அழித்துவிடாதே. அறிமுகத்துக்காக நீ கேட்ட கேள்விகளையும் வந்த பதில்களையும் பின்னிணைப்பில் சேர். இலக்கணம் திருத்தியதற்கெல்லாம் அது தேவையில்லை.

இதைச் சொன்னதற்காக உன் மதிப்பெண்ணை நான் குறைக்க மாட்டேன். வியாழக்கிழமை மதியம் திருத்திய பிரதியோடும் லேப் நோட்டோடும் துறைக்கு வா. மேற்கோள்களைச் சேர்ந்து பார்த்துவிடலாம்.

அன்புடன்,
மாலதி
வேதியியல் துறை