கேள்வி: தடுப்பாற்றலும் ஆயுதக் கட்டுப்பாடும் ஒன்றுக்கொன்று முரணானவையா? எடுத்துக்காட்டுகளுடன் விளக்குக.

முரண் இல்லை என்பதே என் விடை. ஆயுதக் கட்டுப்பாடு என்றதும் ஆயுத ஒழிப்பு என்று நினைத்துக்கொள்கிறோம், குழப்பம் அங்கேதான் தொடங்குகிறது. ஒழிப்பு ஆயுதமே கூடாது என்கிறது. கட்டுப்பாடோ, ஆயுதம் இருக்கத்தான் போகிறது, இருக்கும்வரை அது தவறுதலாகவோ பயத்திலோ வெடித்துவிடாமல் பார்த்துக்கொள்வோம் என்கிறது. அமெரிக்க அறிஞர் தாமஸ் ஷெல்லிங் போன்றவர்கள் 1960களில் வாதிட்டதும் கிட்டத்தட்ட இதுதான்.

முதலில் தடுப்பாற்றலைப் பார்ப்போம். எதிரி ஒரு காரியத்தைச் செய்வதற்கு முன்பே, அதனால் கிடைக்கும் லாபத்தைவிட இழப்பு பெரிது என்று அவனையே கணக்குப் போட வைத்து நிறுத்துவது தடுப்பாற்றல். இதில் இரண்டு வழி உண்டு. நீ தாக்கினாலும் ஜெயிக்க முடியாது என்று காட்டுவது மறுப்புவழித் தடுப்பு. நீ ஜெயித்தாலும் அதற்குத் தாங்க முடியாத விலை கொடுப்பாய் என்று மிரட்டுவது தண்டனைவழித் தடுப்பு. எந்த வழியானாலும் திறன் வேண்டும், சொன்னதைச் செய்வான் என்ற நம்பகம் வேண்டும், எதைத் தாண்டினால் அடி விழும் என்பது எதிரிக்குத் தெளிவாகப் போய்ச் சேரவும் வேண்டும். இந்த மூன்றில் கடினமானது நம்பகம். தன் மண்ணைக் காக்க அணுகுண்டு போடுவேன் என்றால் யாரும் நம்புவார்கள், கூட்டாளி நாட்டுக்காகவும் போடுவேன் என்றால் அவ்வளவு சுலபமாக நம்பமாட்டார்கள். பனிப்போர் முழுக்க அமெரிக்காவுக்கு ஐரோப்பாவில் இருந்த தலைவலி இதுதான்.

அணு ஆயுதத் தடுப்பு நிலைத்து நிற்க இரண்டாம் தாக்குதல் திறன் அவசியம். அதாவது முதல் அடியை வாங்கிய பிறகும் திருப்பி அடிக்க ஆயுதம் மிச்சமிருக்க வேண்டும், நீர்மூழ்கிகளில் ஏவுகணைகளை வைப்பது அதற்காகத்தான். இரு தரப்புக்கும் இந்தத் திறன் இருந்தால் முதலில் அடிப்பதால் யாருக்கும் பயன் இல்லை. இல்லாவிட்டால் நெருக்கடி நேரத்தில் "அவன் முந்துவதற்குள் நாம் முந்திவிடலாம்" என்ற எண்ணம் இரு பக்கமும் வந்துவிடும். போருக்கு யாரும் ஆசைப்படாமலே போர் வரும் வழி இது.

சோவியத் ஒன்றியம் கியூபாவில் அணு ஏவுகணைகளை வைத்ததால் வந்த 1962 அக்டோபர் நெருக்கடியைத் தடுப்பாற்றலின் வெற்றியாக மட்டும் எழுதுவது பாதிக் கதை. தீவில் குறுகிய தூர அணு ஆயுதங்கள் ஏற்கெனவே வந்துவிட்டன என்பது வாஷிங்டனுக்கு அப்போது தெரியாது. துருக்கியிலிருந்து தன் ஜூபிடர் ஏவுகணைகளை எடுப்பதாக அமெரிக்கா ரகசியமாகக் கொடுத்த வாக்கும் சோவியத்தின் பின்வாங்கலுக்கு உதவியது. ஆக, பயம் மட்டும் காப்பாற்றவில்லை, பேச்சும் சேர்ந்துதான் காப்பாற்றியது. அடுத்த ஆண்டே இரு தலைநகரங்களுக்கும் இடையே நேரடித் தொடர்பு, பகுதி அணுச் சோதனைத் தடை ஒப்பந்தம் இரண்டும் வந்தது தற்செயல் இல்லை.

ஆயுதக் கட்டுப்பாடு தடுப்பாற்றலுக்கு எப்படித் துணை நிற்கிறது என்பதற்கு பாய்ந்து வரும் ஏவுகணைகளை வானிலேயே தடுக்கும் கவசங்களுக்கு அமெரிக்காவும் சோவியத்தும் வரம்பு போட்ட 1972 ஏபிஎம் ஒப்பந்தம்தான் நல்ல சான்று. பாதுகாப்புக் கவசத்தை ஏன் தடை செய்ய வேண்டும் என்று முதலில் விசித்திரமாகத்தான் தோன்றும். ஆனால் ஒருவரிடம் மட்டும் முழுக் கவசம் இருந்தால் மற்றவரின் பதிலடி செல்லாக்காசாகிவிடும், அவர் இன்னும் நிறைய ஏவுகணை செய்வார், போட்டி ஓயாது. அதனால்தான் இருவரும் தெரிந்தே தங்களைத் தாக்கப்படக்கூடியவர்களாக வைத்துக்கொண்டார்கள். 2002ல் அமெரிக்கா இதிலிருந்து விலகியது.

அதே இருவரும் நடுத்தரத் தூர ஏவுகணைகள் பற்றிச் செய்த 1987 ஐஎன்எஃப் ஒப்பந்தம் இன்னொரு படி மேலே போனது. 500 முதல் 5500 கிலோமீட்டர் வரை பாயும், தரையிலிருந்து ஏவும் ஏவுகணைகள், மொத்தம் 2692, அழிக்கப்பட்டன. எண்ணிக்கையைவிட எனக்கு முக்கியமாகத் தெரிவது சரிபார்ப்பு முறை. தடை செய்யப்பட்ட சோவியத் ஏவுகணை எஸ்எஸ்-20இன் முதல் அடுக்கும், அனுமதிக்கப்பட்ட எஸ்எஸ்-25இன் முதல் அடுக்கும் வெளிப்பார்வைக்கு ஒன்றுபோல இருந்ததால், ரஷ்யாவின் வோட்கின்ஸ்க் ஏவுகணைத் தொழிற்சாலை வாசலிலேயே அமெரிக்க ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் தங்கி, வெளியே போவதைச் சோதித்தார்கள். பதிலுக்கு சோவியத் ஆய்வாளர்கள் யூட்டா மாநிலத்தின் மேக்னாவில் இருந்தார்கள். எதிரியை நம்பத் தேவையில்லை, அவன் வாசலில் நின்று பார்க்க முடிந்தால் போதும்.

குறைகளையும் சொல்ல வேண்டும். அணு மட்டத்தில் நிலைமை உறுதியாக இருந்தால் கீழ்மட்டத்தில் சிறு மோதலுக்குத் துணிவு வரும், 1999 கார்கில் அதற்கு எடுத்துக்காட்டு. ஒப்பந்தங்களும் அரசியல் உறவு கெட்டால் தாங்குவதில்லை: 2019ல் ஐஎன்எஃப் முடிந்தது. ஏவத் தயாராக நிறுத்தும் அணுகுண்டு முனைகள் தலா 1550 என்று அமெரிக்காவுக்கும் ரஷ்யாவுக்கும் வரம்பு வைத்த 2010 நியூ ஸ்டார்ட் ஒப்பந்தத்தை 2023ல் ரஷ்யா நிறுத்திவைத்தது. மூன்றாவது பெரிய சக்தியாக சீனா வளர்கிறபோது இருவருக்கு என்று போட்ட கணக்கும் பொருந்தாது.

ஆனால் உறவு மோசமாக இருந்தாலும் சில ஏற்பாடுகள் பிழைக்கின்றன. இந்தியாவும் பாகிஸ்தானும் அணு நிலையங்களைத் தாக்குவதில்லை என்று 1988ல் கையெழுத்திட்டன. 1992 முதல் ஒவ்வொரு ஜனவரி 1 அன்றும் அந்த நிலையங்களின் பட்டியலைப் பரிமாறிக்கொள்கின்றன, கார்கிலுக்குப் பிறகும் அது நிற்கவில்லை. அதனால் ஒரு ஆயுதம்கூடக் குறையவில்லைதான், ஆனாலும் எதைத் தொடக்கூடாது என்பது இரு பக்கமும் எழுத்தில் இருக்கிறது, தடுப்பாற்றலுக்கு வேண்டிய தெளிவும் அதிலிருந்தே கிடைக்கிறது.